எத்தனை தெய்வங்கள், யாக்ஞவல்கியரே?

ஓரிறைக் கொள்கை, பல்லிறைக் கொள்கை, ஹீனோதீயிசம் என்ற மூன்று சொற்களையும் முதலில் அவை நன்றாகப் பொருந்தும் இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். இந்து சமயத்துக்கு வந்த பிறகுதான் சிக்கல்.

ஓரிறைக் கொள்கைக்கு மிகத் தெளிவான உதாரணம் இஸ்லாத்தின் தவ்ஹீத். இறைவன் ஒருவன் என்று நம்பினால் மட்டும் போதாது. அவனுக்கு இணையாக எதையும் எவரையும் வைக்கக்கூடாது. வைத்தால் அது ஷிர்க், மிகப் பெரிய பாவம். இதில் இரண்டு உறுதிமொழிகள் சேர்ந்திருக்கின்றன: நான் ஒருவனை மட்டுமே வணங்குகிறேன், வணங்கத்தக்க வேறொருவர் இல்லவே இல்லை. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொன்னால் அது ஓரிறைக் கொள்கை ஆகாது. யூத சமயமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. கிறிஸ்தவமும் தன்னை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தந்தையும் மகனும் ஒரே கடவுள் என்பதை விளக்கவே அதற்கு கி.பி. 325இல் நைசியாவில் ஒரு பெரிய சபை கூட வேண்டியிருந்தது. ஓரிறைக் கொள்கையின் வீட்டுக்குள்ளேயே எண்ணிக்கை அவ்வளவு எளிதாக இல்லை என்பதை இங்கேயே குறித்து வைக்கிறேன்.

பல்லிறைக் கொள்கைக்குப் பண்டைய கிரேக்கம். ஹோமரின் ஒடிசியில் கடல் தெய்வம் பொசைடன், தன் மகனின் கண்ணைக் குத்தியதற்காக ஒடிசியஸை ஊர் போய்ச் சேரவிடாமல் அலைக்கழிக்கிறான். அதீனா அவனைக் காப்பாற்றப் பாடுபடுகிறாள். பொசைடன் வெளியூர் போயிருக்கும் நேரம் பார்த்து மற்ற தெய்வங்கள் கூடி முடிவெடுக்கின்றன. இவர்கள் தனித்தனி ஆட்கள், தனித்தனி விருப்பு வெறுப்பு உள்ளவர்கள். அதீனாவும் பொசைடனும் ஒன்றின் இரு வடிவங்கள் என்று அந்தக் கதைக்குள் யாரும் சொல்லப்போவதில்லை. பல்லிறைக் கொள்கையில் ‘பல’ என்பதைவிட ‘தனித்தனி’ என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது ஹீனோதீயிசம். பல தெய்வங்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவற்றில் ஒன்றையே தன் முழுமுதலாகக் கொள்வது. பழைய ஏற்பாட்டின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் இதன் சாயல் தெரிகிறது. யெப்தா, எதிரி நாட்டு அரசனிடம் நிலத் தகராறு பேசும்போது, உன் தெய்வமான காமோஸ் உனக்குக் கொடுத்ததை நீ வைத்துக்கொள், எங்கள் கர்த்தர் எங்களுக்குக் கொடுத்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்ற பொருளில் வாதிடுகிறான். காமோஸ் இல்லாத தெய்வம் என்று அவன் சொல்லவில்லை. நம்முடையது அல்ல, அவ்வளவுதான்.

*

இந்தச் சொல்லை இந்தியாவின் பக்கம் திருப்பியவர் மாக்ஸ் முல்லர் (1823–1900). ஜெர்மனியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் வாழ்ந்தவர். சாயணரின் உரையோடு ரிக் வேதத்தை 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1028 சூக்தங்களையும் அத்தனை ஆண்டுகள் கையில் வைத்திருந்த மனிதருக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அக்னியைப் பாடும் ரிஷி, அக்னியைவிட உயர்ந்தது எதுவுமில்லை என்பதுபோல் பாடுகிறார். அடுத்த சூக்தத்தில் இந்திரன் அதே உயரத்தில் இருக்கிறான். வருணனைப் பாடும்போது விண்ணும் மண்ணும் அவன் ஆணைக்குள் வந்துவிடுகின்றன. ஒருவரைப் பாடும் நேரத்தில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் யாரும் மறுக்கப்படுவதும் இல்லை.

கிரேக்கத்தில் ஜீயஸ் நிரந்தர அரசன். வேதத்தில் அரியணை இருக்கிறது, அமர்பவர் மாறுகிறார். இப்படி முறை வைத்து ஒவ்வொருவராக முதன்மை பெறுவதற்கு முல்லர் கேத்தனோதீயிசம் என்று தனியாகவே ஒரு பெயர் வைத்தார். பாடநூல்களில் பெரும்பாலும் ஹீனோதீயிசத்தையும் இதையும் கலந்துவிடுகிறார்கள். வேறுபாடு பெரியது. யெப்தாவின் விசுவாசம் ஒருவருக்கே கட்டுப்பட்டது. வேத ரிஷியின் விசுவாசம், அந்த வேள்வியில் யாரை அழைக்கிறாரோ அவருக்கு முழுமையாகக் கட்டுப்பட்டது.

முல்லரின் கவனிப்பு சரி என்றே நினைக்கிறேன். அதன்மேல் அவரும் அவர் காலத்தவரும் ஏற்றிய படிக்கட்டுத்தான் தவறு. மனித இனம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏறிப்போகிறது, கடைசிப் படியில் ஓரிறை நிற்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா நம்பியது. இந்தியாவில் மூன்றும் ஒரே காலத்தில், ஒரே ஊரில், பல நேரம் ஒரே வீட்டில் இருந்துவருகின்றன. ஒன்று வந்ததும் மற்றொன்று போய்விடவில்லை.

*

எண்ணிக்கைக் கேள்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. பிருகதாரண்யக உபநிடதத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் அது நேராகவே கேட்கப்படுகிறது. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

விதேக நாட்டு ஜனகர் அவையில் ஆயிரம் பசுக்கள், கொம்புகளில் பொன் கட்டி நிற்கின்றன. அறிவில் மிஞ்சியவர் ஓட்டிப்போகலாம். யாக்ஞவல்கியர் தன் மாணவனிடம் பசுக்களை ஓட்டச் சொல்லிவிடுகிறார். மற்ற அறிஞர்கள் கோபத்தோடு ஒவ்வொருவராகக் கேள்வி கேட்க வருகிறார்கள். விதக்த சாகல்யர் வந்து, தெய்வங்கள் எத்தனை என்று கேட்கிறார்.

வேள்வியில் சொல்லப்படும் கணக்கின்படி 3306 என்கிறார் யாக்ஞவல்கியர். சாகல்யர் அதை ஏற்றுக்கொண்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கிறார். இப்போது விடை 33. மறுபடியும் கேட்கிறார்: 6. பிறகு 3. பிறகு 2. பிறகு ஒன்றரை. கடைசியில் 1.

அதன்பிறகு சாகல்யர் ஒவ்வொரு எண்ணையும் விரிக்கச் சொல்கிறார். 3306 என்பவை தெய்வங்களின் மகிமைகள்தான், உள்ளபடி தெய்வங்கள் 33 என்று பதில் வருகிறது. எட்டு வசுக்கள், பதினொரு ருத்திரர்கள், பன்னிரண்டு ஆதித்தியர்கள், இந்திரன், பிரஜாபதி. வசுக்கள் யார்? நெருப்பு, நிலம், காற்று, இடைவெளி, ஞாயிறு, விண், திங்கள், விண்மீன்கள். ருத்திரர்கள் மனிதனுக்குள் இருக்கும் பத்து உயிர்ப்புகளும் பதினொன்றாவதாக ஆன்மாவும். ஆதித்தியர்கள் ஆண்டின் பன்னிரண்டு மாதங்கள். மூன்று என்றால் மூவுலகம். இரண்டு என்றால் உணவும் உயிர்மூச்சும். ஒன்றரை என்றால் வீசுகிற காற்று. ஒன்று என்றால் பிராணன், அதுவே பிரம்மம்.

இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பார்த்தீர்களா, உபநிடதமே ஒன்று என்று சொல்லிவிட்டது என்பார்கள். உரையாடல் அப்படி நடக்கவில்லை. 3306 என்ற விடையை யாக்ஞவல்கியர் வாபஸ் வாங்கவில்லை. சாகல்யரும் எந்த விடையையும் தவறென்று சொல்லவில்லை; ஒவ்வொன்றையும் சரி என்று ஏற்றுக்கொண்டுதான் அடுத்ததைக் கேட்கிறார். வேள்விச் சாலையில் நிற்பவனுக்கு 3306 சரியான விடை. உலகின் கூறுகளை எண்ணுகிறவனுக்கு 33 சரி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எது என்று கேட்பவனுக்கு ஒன்று சரி. எண் மாறுகிறது, ஏனென்றால் எண்ணப்படும் பொருள் மாறுகிறது. ‘ஒன்று’ என்று முடியும் இடத்திலும் அது விண்ணில் அமர்ந்து கட்டளையிடும் ஒருவர் அல்ல, உயிர்மூச்சு. அதை ஓரிறைக் கொள்கை என்று அழைத்தால் தவ்ஹீதுக்கும் நியாயம் இல்லை, உபநிடதத்துக்கும் நியாயம் இல்லை.

*

வேத மரபிலேயே இன்னொரு போக்கும் உண்டு. மீமாம்சகர்கள் வேதத்தை ஓர் எழுத்துக்கூட விடாமல் காத்தவர்கள். வேள்வி பலன் தரும். அதற்கு ஒரு கடவுள் வந்து பலனைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். பழைய சாங்கியத்துக்கும் ஈசுவரன் தேவைப்படவில்லை. இவர்களும் நம் மரபின் உள்ளே அமர்ந்திருப்பவர்கள்தான். மூன்று சொற்களில் எதுவும் இவர்களைத் தொடாது.

*

ஸ்மார்த்த வீடுகளின் பஞ்சாயதன பூஜை. முல்லரின் கருத்தை விளக்க இதைவிடக் கைக்கு அடக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ஐந்து கற்கள். கண், மூக்கு, கை, கால் எதுவும் செதுக்காத இயற்கைக் கற்கள். சிவனுக்கு நர்மதையில் கிடைக்கும் பாணலிங்கம். விஷ்ணுவுக்கு நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமம். பிள்ளையாருக்குச் சோன் நதியின் சிவந்த கல். அம்பிகைக்கு ஆந்திரத்து ஸ்வர்ணமுகி ஆற்றுக் கல். சூரியனுக்குத் தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தின் ஸ்படிகம். இந்த வழிபாட்டை ஒழுங்குபடுத்தியவர் ஆதிசங்கரர் என்பது மரபு.

கற்களை வைக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று நடுவில், நான்கு மூலைகளில். நடுவில் வைப்பது அந்த வீட்டாரின் இஷ்ட தெய்வம். சிவபக்தர் வீட்டில் பாணலிங்கம் நடுவில் இருக்கும், சாளக்கிராமம் ஈசானிய மூலைக்குப் போகும். விஷ்ணு பக்தர் வீட்டில் சாளக்கிராமம் நடுவுக்கு வரும், பாணலிங்கம் ஈசானியத்துக்குப் போகும். அதே ஐந்து கற்கள், அதே தட்டு, அதே நீர். நடுவில் இருப்பவர் முழுமுதல். மூலையில் இருப்பவர்கள் அவமதிக்கப்படுவதில்லை, அவர்களுக்கும் அபிஷேகமும் பூவும் நைவேத்தியமும் உண்டு. எந்தக் கல்லையும் பெட்டியிலிருந்து எடுத்தெறிய முடியாது. நடுவிடத்தைக் காலியாக விடவும் முடியாது.

வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து தெய்வங்கள். பல்லிறைக் கொள்கை என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். இன்னும் சற்று நின்று பார்த்தால் ஒருவரை நடுவில் வைக்கிறார்களே, இது ஹீனோதீயிசம் என்று தோன்றும். பூஜை செய்பவரிடம் கேட்டால், ஐந்தும் குணங்களோடு தெரியும் ஒரே பிரம்மம், உண்மையில் அதற்குக் குணமும் இல்லை வடிவும் இல்லை என்பார். அத்வைதியின் முடிவான நிலையில் வணங்குகிறவனுக்கும் வணங்கப்படுவதற்கும் இடையிலேயே வேறுபாடு கிடையாது. அங்கே ‘இறை’ என்ற பகுதியே கரைந்துபோகும்போது அதற்கு முன்னால் ‘ஓர்’ போடுவதா ‘பல்’ போடுவதா என்ற கேள்விக்கு இடமில்லை.

*

இந்துக்கள் எல்லோரும் இப்படி நடுவிடத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் என்று நினைத்தால் அது பெரும் பிழை. தமிழ்நாட்டின் இரண்டு பெரிய மரபுகள் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காது.

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்று பொருள்களைச் சொல்கிறது. மூன்றும் தொடக்கமில்லாதவை. பதி ஒருவனே, அவன் சிவன். மெய்கண்டாரின் சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரங்களில் இதை நிறுவுகிறது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற தெய்வங்களின் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். அவருடைய வாதத்தின் போக்கு இது: நீங்கள் எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும் அந்தத் தெய்வமாக வந்து அருள்பவன் சிவன்தான். மற்றத் தெய்வங்கள் பிறக்கின்றன, துன்பப்படுகின்றன, வினை செய்கின்றன, இறக்கின்றன. இவை எதுவும் இல்லாத ஒருவன்தான் உங்கள் வழிபாட்டை அறிந்து பலன் தர முடியும்.

சித்தாந்தத்தில் இந்திரன், பிரமன், திருமால் எல்லோரும் உயிர்கள். மிக உயர்ந்த பதவியில் இருக்கும் உயிர்கள், ஆனாலும் பசுக்கள். இந்திரன் என்பது ஒரு பதவி என்பதைப் புராணங்களும் ஒப்புக்கொள்கின்றன. ஒவ்வொரு மனுவந்தரத்துக்கும் ஓர் இந்திரன்; பிரமனுடைய ஒரு பகலில் பதினான்கு இந்திரர்கள் வந்துபோய்விடுவார்கள். அப்படி மாறிவரும் ஆட்களை எல்லாம் சேர்த்து எண்ணி, இத்தனை கடவுள் என்று சொல்வது சித்தாந்திக்குப் பொருளற்ற கணக்கு. இறைத்தூதர்களையும் வானவர்களையும் எண்ணி இஸ்லாத்தில் பல கடவுள் என்று யாரும் சொல்வதில்லையே.

ஸ்ரீவைஷ்ணவமும் அதே கண்டிப்போடு, வேறொருவரை அந்த இடத்தில் வைக்கிறது. ராமாநுஜரின் கொள்கையில் உயிர்களும் உலகமும் நாராயணனின் உடல்; அவன் உள்ளிருக்கும் உயிர். சிவனும் பிரமனும் அந்த உடலின் பகுதிகள், வினைக்கு உட்பட்டவர்கள். சரணாகதி செய்துகொண்டவர் வேறு தேவதையிடம் போகக்கூடாது. இன்றும் கட்டுப்பாடான குடும்பங்கள் சிவன் கோயில் படி ஏறுவதில்லை. பெருமாள் கோயில்களில் பெரும்பாலும் நவக்கிரகங்கள் இருக்காது; கிரக தோஷம் என்று வருகிறவர்கள் சக்கரத்தாழ்வாரைச் சுற்றுகிறார்கள். வணங்கத்தக்கவர் ஒருவரே என்ற கொள்கை கோயில் கட்டடத்தின் அமைப்பிலேயே இறங்கியிருக்கிறது.

சித்தாந்திக்குத் திருமால் ஓர் உயிர். ஸ்ரீவைஷ்ணவருக்குச் சிவன் ஓர் உயிர். இரண்டு பேரும் ஓரிறைக் கொள்கையினர், இரண்டு பேருடைய ஒருவர் வேறு வேறு. இவர்கள் இருவரையும் ‘இந்து’ என்ற ஒரே கூடையில் போட்டு, கூடைக்கு வெளியே நின்று எண்ணினால் இரண்டு கடவுள் தெரியும். இரண்டு ஓரிறைக் கொள்கைகளைக் கூட்டினால் பல்லிறைக் கொள்கை வருகிறது என்ற விசித்திரமான கணக்கு அங்கேதான் பிறக்கிறது. தப்பு அந்த இரண்டு பேரிடமும் இல்லை, கூட்டியவரிடம் இருக்கிறது.

சிதம்பரத்தில் இந்த இரண்டும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. நடராசர் சந்நிதிக்கு அருகிலேயே கோவிந்தராசப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஓரிடத்தில் நின்றால் இருவரையும் பார்க்கலாம். சைவருக்கு அது ‘கோயில்’ என்று சொன்னாலே புரியும் தலைமைத் தலம். வைணவருக்கு 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கே நல்லிணக்கம் மட்டும் இருந்ததென்று சொல்லிவிட முடியாது. பெருமாள் திருமேனி இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் அகற்றப்பட்டது என்ற செய்தி வழங்குகிறது. விஜயநகர அரசர் அச்சுத தேவராயர் 1539இல் மீண்டும் நிறுவினார். எல்லாம் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தால் அகற்ற வேண்டிய அவசியமும் வந்திருக்காது, திரும்ப நிறுவ வேண்டிய அவசியமும் வந்திருக்காது. அதே சமயம், வரிசையில் நிற்கும் குடும்பங்களில் பல ஒரே அர்ச்சனைத் தட்டுக் கையோடு இரண்டு சந்நிதிக்கும் போய்வருகின்றன என்பதும் உண்மை.

*

தமிழரின் நம்பிக்கைக்கு ஒற்றைச் சொல் தேட முயன்று, கிடைக்காமல் நீண்ட புத்தகமே எழுத வேண்டியிருந்த ஒருவரைப் பற்றி.

பர்த்தலோமேயு சீகன்பால்க், ஜெர்மானிய லூத்தரன் பாதிரியார். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது வயது இருபத்துநான்குகூட ஆகியிருக்கவில்லை. பொய்த்தெய்வங்களை வணங்கும் மக்கள் என்ற எண்ணத்தோடு வந்தவர். தமிழ் கற்றார், ஏடுகளைச் சேகரித்தார், தமிழர்களிடம் கேள்விகள் கேட்டு அவர்களுடைய பதில்களை ஜெர்மன் மொழியில் ஊருக்கு அனுப்பினார். 1713இல், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று சொல்லத்தக்க ஒரு நூலை எழுதி முடித்தார்.

அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதலில் பராபரவஸ்து: வடிவில்லாத, எல்லாவற்றுக்கும் மேலான ஒரு பரம்பொருள். அதற்குக் கீழே மும்மூர்த்திகளும் அவர்கள் குடும்பங்களும். அதற்குப் பிறகு கிராம தேவதைகள்: ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், பிடாரி, பத்திரகாளி. கடைசியில் தேவர்கள், முனிவர்கள், பணிவிடை செய்பவர்கள். தமிழர்கள் தன்னிடம் சொன்னதைக் கேட்டு அவர் அடைந்த முடிவு, இவர்களுக்கு ஒரே பரம்பொருள் உண்டென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதுதான். அவர் இறையியலின்படி அவர்கள் அந்த ஒன்றை விட்டுவிட்டுப் பலவற்றிடம் போய்விட்டார்கள். அவர் தீர்ப்போடு நான் உடன்படவில்லை. ஆனால் தன் முன்முடிவுக்கு எதிராகக் கிடைத்த சான்றை மறைக்காமல் புத்தகத்தின் முதல் இடத்தில் வைத்த நேர்மை பெரிது. ஹல்லேயில் இருந்த அவருடைய மேலிடம் அதை அச்சிடவில்லை. கைப்பிரதியாகவே கிடந்து 1867இல்தான் சென்னையில் அச்சாகியது.

அந்தக் கிராம தேவதைப் பகுதியில்தான் அவருடைய வம்சாவளி தடுமாறுகிறது. பிள்ளையாரையும் முருகனையும் சிவன் குடும்பத்தில் சேர்ப்பது எளிது. பிடாரிக்கு எந்தக் கிளை?

*

திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடன் கொடை. இந்தப் பகுதியை எழுதாமல் இந்து நம்பிக்கை பற்றிய எந்தக் குறிப்பும் முழுமையாகாது. ஆனாலும் பெரும்பாலான குறிப்புகள் இதை விட்டுவிடுகின்றன.

கதைப்படி மாடன் சிவனுடைய பிள்ளை. பார்வதி கேட்டதால் கயிலையில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்தவன். குழந்தையாக இருக்கும்போதே சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றவன். அதனால் பூலோகத்துக்கு அனுப்பப்பட்டவன். வில்லுப்பாட்டுக்காரர்கள் கொடை இரவில் இந்தக் கதையை விடிய விடியப் பாடுவார்கள். ஆக, வம்சாவளியில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் படைப்பைப் பார்த்தால் வம்சாவளி நினைவுக்கு வராது. கிடா வெட்டு, சாராயம், சுருட்டு. சிவன் கோயிலில் இவற்றில் ஒன்றுகூட உள்ளே போக முடியாது. பூசாரி வேறு, பாஷை வேறு, பூசை நேரம் வேறு. நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்புவார். திரும்பியதும் ஊர்க்காரர்கள் அவரிடம் குறி கேட்பார்கள். அப்போது பேசுபவர் சாமியாடி அல்ல, மாடன். இன்ன வீட்டுக்காரன் சொன்ன நேர்ச்சையைச் செய்யவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்பான். அவனுக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் கோபமும் உண்டு, வாக்கும் உண்டு.

எங்கள் பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். பெரியம்மா பிரதோஷம் தவறாமல் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர், புரட்டாசிச் சனிக்கிழமைக்கு விரதம் இருக்கிறவர்.

“பெரியம்மா, எல்லாச் சாமியும் ஒண்ணுதான்னு சொல்றாங்களே, அப்ப மாடனும் நெல்லையப்பரும் ஒண்ணுதானா?”

“அது எப்பிடிப்பா ஒண்ணாகும்? நெல்லையப்பர் லோகத்துக்கே பெரியவரு. அவருகிட்ட மோட்சம் கேக்கலாம். நம்ம வீட்டுக் கன்னுக்குட்டி காணாமப் போனா அவருகிட்டயா போய்ச் சொல்ல முடியும்? அதுக்கு மாடன்ட்டதான் சொல்லணும். கும்புடுற சாமிய மாத்திக் கூப்பிடக் கூடாது.”

இந்தப் பதிலில் முழுமுதல் ஒருவர் இருக்கிறார். தனி விருப்பமும் தனி எல்லையும் உள்ள இன்னொருவரும் இருக்கிறார். இருவருக்கும் இடையே வேலைப் பங்கீடும் இருக்கிறது. நெல்லையப்பர் முன்னால் நிற்கும் பெரியம்மா சித்தாந்திக்கு மிக அருகில் இருக்கிறார். கொடை இரவில் நிற்கும் பெரியம்மா ஹோமரின் கிரேக்கருக்கு நெருக்கமாக இருக்கிறார். அவருக்குள் இதில் முரண்பாடு எதுவும் இல்லை. மாடன் உண்மையில் பிரம்மத்தின் ஒரு வடிவம் என்று யாராவது அவருக்கு விளக்கினால் மரியாதைக்காகத் தலையாட்டுவார், நேர்ச்சையைக் குறைக்கமாட்டார்.

பல்லிறைக் கொள்கை என்ற சொல்லைக் கேட்டதும் வெட்கப்பட்டு, இல்லை இல்லை எங்களுடையதும் ஓரிறைதான் என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. அந்த அவசரத்தில் முதலில் பலியாவது மாடனும் பிடாரியும் இசக்கியும்தான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) பாதிரிமார்களின் தாக்குதலுக்கு எதிராகச் சைவத்தை எவ்வளவு திறமையாகக் காத்தார் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பைபிள் தமிழாக்கத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு உழைத்து, அவர்களுடைய நூலை அவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு, அந்த அறிவோடு 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதியவர். ஆனால் உயிர்ப்பலி கொள்ளும் சிறுதெய்வ வழிபாட்டை அவரும் பாதிரிமார்களுக்குக் குறையாத கடுமையோடு கண்டித்தார். ஆகமச் சைவம் தூய ஓரிறைக் கொள்கை என்று நிறுவியதன் மறுபக்கம் இது. தூய்மையை நிறுவும் ஒவ்வொரு முறையும் யாரோ வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

*

சட்டமும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறது. சுவாமி நாராயண் சத்சங்கிகள், தாங்கள் இந்துக்கள் அல்ல, அதனால் கோயில் நுழைவுச் சட்டம் தங்கள் கோயில்களுக்குப் பொருந்தாது என்று வாதிட்டார்கள். 1966இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி கஜேந்திரகட்கர், இந்து யார் என்று வரையறுக்க வேண்டிய இடத்தில், இந்துக்களுக்கு ஒரே தீர்க்கதரிசி இல்லை, ஒரே கடவுள் இல்லை, ஒரே கோட்பாடு இல்லை என்ற இல்லைகளின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வணங்கும் தெய்வங்களுக்கு எண்ணிக்கை வரையறை கிடையாது என்பதையே அடையாளங்களில் ஒன்றாகச் சொன்ன திலகரின் விளக்கத்தையும் அது எடுத்துக்கொண்டது. வழக்கைத் தீர்க்க அது போதும். வகைப்படுத்த விரும்புகிறவருக்குப் போதாது.

*

வகைப்படுத்தத்தான் வேண்டுமென்றால் எப்படிச் செய்வது? எனக்குப் பயன்படும் வழியைக் குறித்து வைக்கிறேன்.

மூன்று சொற்களுக்குள்ளும் தனித்தனியான கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்க வேண்டும். இவர் யாரை வணங்குகிறார் என்பது ஒன்று. வணங்காத மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று நம்புகிறாரா என்பது இன்னொன்று. இருந்தால் அவர்கள் தனித்த கடவுளரா, பதவியில் இருக்கும் உயிர்களா, அல்லது ஒன்றின் வடிவங்களா? முதலிடம் நிலையானதா, முறை மாறுவதா?

இவற்றை ஒரு ஸ்ரீவைஷ்ணவப் பெரியவரிடம் கேட்டால் நான்கு விடைகளும் ஓரிறைக் கொள்கையின் பக்கமே விழும். அவரை அந்தச் சொல்லால் அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பஞ்சாயதனம் செய்பவரிடம் கேட்டால் முதல் விடை ஐவர். மூன்றாவது விடை ஒன்றின் வடிவங்கள். நான்காவது, வீட்டுக்கு வீடு மாறும். முல்லரின் சொல் பூஜைக்குப் பொருந்தும், அதன் பின்னால் இருக்கும் தத்துவத்துக்குப் பொருந்தாது. வேள்வியை மட்டும் நம்பும் மீமாம்சகரிடம் இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும். பெரியம்மாவிடம் கேட்டால், எந்தச் சாமியைப் பற்றிக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார். நெல்லையப்பரைப் பற்றிச் சொன்னால் ஒரு விடை, மாடனைப் பற்றிச் சொன்னால் வேறொரு விடை.

அதனால் ‘இந்து சமயம்’ என்று எழுவாய் வைத்து வாக்கியத்தைத் தொடங்குவதை நான் நிறுத்திக்கொண்டேன். சித்தாந்தம் என்றோ, அத்வைதம் என்றோ, ரிக் வேதச் சூக்தம் என்றோ, நெல்லைச் சீமைக் கொடை என்றோ தொடங்கினால், மூன்று சொற்களில் ஏதோ ஒன்று பெரும்பாலும் நேராகப் பொருந்துகிறது. பொருந்தாத இடத்தில் ஏன் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல முடிகிறது. பள்ளிப் பாடநூலில் ஒரு வரிக்கு மேல் இடமில்லை என்பார்கள். அந்த ஒரு வரியில் எண்ணை எழுதுவதைவிட, சைவ சித்தாந்தமும் ஸ்ரீவைஷ்ணவமும் ஓரிறையைச் சொல்கின்றன, ஸ்மார்த்த பூஜை பலரை ஒன்றின் வடிவாகக் கொள்கிறது, ஊர்த் தெய்வ வழிபாடு தனித்தனித் தெய்வங்களோடு நடக்கிறது என்று எழுதலாம். ஒரு வரி இரண்டு வரி ஆகும். பிள்ளைகளுக்கு அது பாரமாகாது. அவர்கள் வீட்டிலேயே பார்ப்பதுதான் அது.